விலாசமும் பாஸ்போர்ட்டும்: செட்டிநாட்டிலிருந்து விண்ணப்பிப்போர் கேட்கும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கத்தில் பாஸ்போர்ட் விண்ணப்பங்களை நிரப்பித் தரும்படி உறவினர்களும் அண்டை வீட்டாரும் என்னிடம் வருவதுண்டு. அப்படி வந்தவற்றில் சிக்கலானவை பெரும்பாலும் கட்டணத்தாலோ நேர முன்பதிவாலோ சிக்கலாகவில்லை. பெயரால்தான் சிக்கலாயின. தகப்பனார், பாட்டனார், பூட்டனார் பெயர்களின் முதலெழுத்துகளை விலாசம் என்று சொல்லி வரிசையாகச் சுமக்கும் வழக்கமுள்ள ஊர்களில் இது இயல்பு. ஆகவே இங்குள்ள பதில்களில் பெயருக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நாங்கள் காரைக்குடி. மதுரைக்குப் போக வேண்டுமா, திருச்சிக்கா?

சிவகங்கை மாவட்டத்து ஊர்களான காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் முதலியவை மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகின்றன. செட்டிநாட்டின் மற்றொரு பகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. ராயவரம், பொன்னமராவதிப் பக்கத்து ஊர்களுக்குத் திருச்சிராப்பள்ளி அலுவலகம். ஆனால் 2018 முதல் இந்தியாவின் எந்த மண்டல அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்தும் விண்ணப்பிக்கலாம் என்பதால், இந்த எல்லை இப்போது கட்டாயமில்லை. எங்கே விண்ணப்பித்தாலும் காவல்துறை விசாரணை விண்ணப்பத்தில் எழுதிய முகவரியில்தான் நடக்கும்; புத்தகமும் அந்த முகவரிக்குத்தான் அஞ்சலில் வரும்.

மண்டல அலுவலகம் வேறு, பாஸ்போர்ட் சேவை மையம் வேறு. முன்பதிவு செய்தவர்கள் ஆவணங்களுடன் செல்ல வேண்டியது சேவை மையத்துக்கு. மண்டல அலுவலகம் கோப்பை முடிவு செய்து புத்தகத்தை அச்சிட்டு அனுப்பும் இடம். ஏதேனும் ஐயம் எழுந்து விளக்கம் கேட்டால்தான் அங்கே செல்ல நேரும். முன்பதிவுச் சீட்டில் அச்சிட்டிருக்கும் முகவரியைப் படித்துவிட்டுப் பேருந்து ஏறுங்கள்.

என் பாஸ்போர்ட் அடுத்த வருடம் முடிகிறது. இப்போதே புதுப்பிக்கலாமா?

முடிவதற்கு ஓராண்டு இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். இணையதளத்தில் புதுப்பித்தல் என்ற சொல்லைத் தேடாதீர்கள். அங்கே அது Re-issue of Passport என்றே இருக்கும். பழைய புத்தகத்தை நீட்டிப்பதில்லை, புதிய எண்ணுடன் புதிய புத்தகம் தருகிறார்கள் என்பதே காரணம். பழையது முனை வெட்டப்பட்டு உங்களிடமே திரும்பி வரும். அதில் காலாவதியாகாத விசா இருந்தால் அந்தப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்து, பயணத்தின்போது இரண்டையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.

காலாவதியாகி மூன்றாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டால் படிவத்தில் அதற்கென உள்ள தனிக் காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காவல்துறை விசாரணைக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

எனக்கு மூன்று எழுத்து விலாசம். Given Name, Surname என்று கேட்கிறார்கள். எதில் எதை எழுதுவது?

பாஸ்போர்ட்டில் முதலெழுத்துகளுக்கு இடமில்லை. அவை விரிவாக்கப்பட வேண்டும் என்பதே விதி. இதில் நம் வழக்கம் சற்று இடறுகிறது. கணக்கேட்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் CT.RM. என்று பார்த்தவுடன் இது சிதம்பரம், ராமநாதன் என்று ஊரில் உள்ளவர்களுக்குத் தெரிந்துவிடும். சேவை மையத்தில் இருக்கும் அலுவலருக்கு அது தெரிய வழியில்லை. RM என்பது ராமநாதனாகவும் இருக்கலாம், ராமனாகவும் இருக்கலாம். எது என்பதைக் காகிதம்தான் சொல்ல வேண்டும்.

என் பரிந்துரை எளிமையானது. உங்கள் சொந்தப் பெயரை மட்டும் Given Name கட்டத்திலும், தகப்பனாரின் பெயரை மட்டும் Surname கட்டத்திலும் எழுதுங்கள். பாட்டனார், பூட்டனார் பெயர்களை உங்கள் பெயருடன் சேர்க்க வேண்டாம். விலாசத்தின் மூன்று எழுத்துகளையும் விரித்து எழுதினால் மரியாதை காத்ததுபோல் தோன்றும். ஆனால் விமானச் சீட்டு, விசா, வெளிநாட்டு வங்கிக் கணக்கு என்று ஒவ்வோர் இடத்திலும் அந்த நான்கு பெயர்களும் ஒரே வரிசையில் வர வேண்டியிருக்கும், ஓர் இடத்தில் ஒன்று விடுபட்டாலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பாட்டனாரின் பெயர் தகப்பனாரின் பெயரை முழுமையாக எழுதும் கட்டத்தில் வந்துவிடுகிறது, அதுவே போதும்.

Surname கட்டத்தை வெறுமையாக விடுவதற்கு அனுமதி உண்டு. பழைய புத்தகங்கள் பலவற்றில் அப்படித்தான் இருக்கிறது. இருந்தாலும் இன்று புதிதாக எடுப்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. 2022 நவம்பர் 21 முதல், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா அல்லது வருகை விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பயணத்துக்கு முதல் நாள் இதைத் தெரிந்துகொண்டு கலங்கியவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள்.

இந்த முறையில் ஒரு சிறு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் Surname உங்கள் தகப்பனாரின் பெயர். உங்கள் மகனின் Surname உங்கள் பெயர். ஆக, தந்தைக்கும் பிள்ளைக்கும் குடும்பப் பெயர் வேறாக இருக்கும். சிறு பிள்ளையை அழைத்துச் செல்லும்போது அதன் பிறப்புச் சான்றிதழின் நகலை உடன் வைத்திருந்தால் குடியேற்ற அதிகாரி கேட்கும்போது காட்டலாம்.

ஆதாரில் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்பில் ஒரு மாதிரி, பான் அட்டையில் ஒரு மாதிரி பெயர் இருக்கிறது. எதைத் திருத்துவது?

இதை ஒரு கற்பனை ஆளை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம். பள்ளத்தூரைச் சேர்ந்த அழகப்பன். தகப்பனார் ராமநாதன், பாட்டனார் சிதம்பரம். முதல் முறையாகப் பாஸ்போர்ட் எடுக்கிறார். அவரிடம் உள்ளவை இவை:

```
10th    CT.RM.ALAGAPPAN
Aadhaar R Azhagappan
PAN     ALAGAPPAN RAMANATHAN
```

மூன்றிலும் ஒரே மனிதர்தான் என்பது நமக்குத் தெரிகிறது. அலுவலருக்கு இரண்டு ஐயங்கள் எழும். R என்பது ராமநாதனா என்பது ஒன்று. Alagappan, Azhagappan இரண்டும் ஒருவரா என்பது மற்றொன்று.

முதல் வேலை, விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே, பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி முடிவு செய்வது. இவருக்கு Given Name ALAGAPPAN, Surname RAMANATHAN. எழுத்துக்கூட்டலுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாகக் கொண்டேன். ஏனெனில் மூன்றில் திருத்துவதற்குக் கடினமானது அதுவே. எளிதில் திருத்தக்கூடியதைக் கடினமானதற்கு ஏற்ப மாற்றுவதுதான் முறை.

அடுத்து ஆதார். அதில் பெயரை Alagappan Ramanathan என்று திருத்த வேண்டும். பான் அட்டையையே சான்றாகக் காட்டலாம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அதனால்தான் முதலில் தாளில் எழுதி முடிவு செய்யச் சொன்னேன். அவசரத்தில் ஒரு முறை Azhagappan Ramanathan என்று மாற்றிவிட்டால், கையில் மீதம் இருப்பது ஒரே வாய்ப்பு. திருத்தம் முடியச் சில நாட்களோ சில வாரங்களோ ஆகலாம். புதிய மின் ஆதாரைப் பதிவிறக்கிப் பெயரைக் கண்ணால் பார்த்த பிறகே பாஸ்போர்ட் படிவத்தைத் தொடங்குங்கள்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் CT.RM. என்று இருப்பதை அப்படியே விடலாம். ஆனால் அதனுடன் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் எடுத்துச் செல்ல வேண்டும். அதில் தகப்பனார் பெயர் ராமநாதன் என்று முழுமையாக எழுதப்பட்டிருக்கும். RM என்ற எழுத்துகளின் விரிவைச் சொல்லும் காகிதம் அதுதான். பலர் மாற்றுச் சான்றிதழைக் கல்லூரியில் சேர்ந்ததும் மறந்துவிடுகிறார்கள். நம் ஊர் விண்ணப்பதாரருக்கு அது மிகவும் பயன்படும் தாள் என்பது என் கருத்து.

Azhagappan போன்ற இரட்டை எழுத்துக்கூட்டல் தனிக் கவனம் கேட்கிறது. சிதம்பரம் Chidambaram என்றும் Chithambaram என்றும், மெய்யப்பன் Meyyappan என்றும் Meiyappan என்றும் வரும். மலேசியாவில் இருந்த குடும்பங்களில் லெட்சுமணன் Letchumanan என்றே பதிவாகியிருக்கும். இங்கே பிறந்த தம்பியின் தாளில் அது Lakshmanan. உங்கள் பெயருக்கு மட்டுமல்ல, தாய் தந்தையர் பெயருக்கும் ஒரே எழுத்துக்கூட்டலைக் கையாளுங்கள். தந்தையிடம் பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ளபடியே எழுதுவது பாதுகாப்பு.

பழைய பாஸ்போர்ட்டில் Surname காலியாக இருக்கிறது. இப்போது பிரித்து எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அது வெறும் மறுவெளியீடு அல்ல, விவர மாற்றம். படிவத்தில் காரணம் கேட்கும் இடத்தில் Change in Existing Personal Particulars என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலாவதி என்று மட்டும் குறித்துவிட்டுப் பெயரை வேறாக நிரப்பினால் கவுன்டரில் கேள்வி எழும். ஆதாரிலும் பான் அட்டையிலும் பெயர் ஏற்கெனவே பிரிந்து ஒரே மாதிரியாக இருந்தால் வேலை எளிது. ஒன்று மறக்கக்கூடாது: பழைய புத்தகத்தில் வெளிநாட்டு வேலை அனுமதியோ நீண்டகால விசாவோ இருப்பவர்கள், பெயர் அமைப்பு மாறினால் அங்கேயும் மாற்ற வேண்டியிருக்கும். அத்தகையவர்கள் தங்கள் நிறுவனத்திடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

சுவீகாரம் போனவர் நான். தகப்பனார் பெயர் யாருடையது?

சுவீகாரம் எடுத்த தகப்பனாரின் பெயரே விலாசத்திலும் பள்ளிச் சான்றிதழிலும் இருந்தால் அதையே எழுதுங்கள். பதிவு செய்த சுவீகாரப் பத்திரம் இருந்தால் மூலத்தை எடுத்துச் செல்லுங்கள். சிக்கல் எழுவது, பிறப்புச் சான்றிதழ், பெற்ற தகப்பனார் பெயரிலும் மற்றவை சுவீகாரத் தகப்பனார் பெயரிலும் இருக்கும்போது. அந்த இரண்டையும் விளக்கமின்றி ஒன்றாக நீட்டினால் அலுவலர் கோப்பை நிறுத்தி வைப்பதைத் தவறு என்று சொல்ல முடியாது. பத்திரத்தை முதலில் காட்டி, பிறகு மற்றவற்றைக் காட்டுங்கள்.

எங்கள் அப்பத்தாவுக்கு எழுபத்தைந்து வயது. பிறப்புச் சான்றிதழே கிடையாது. மகன் வீட்டுக்கு மலேசியா போக வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும் என்ற கட்டாயம் 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குத்தான். அதற்கு முன் பிறந்தவர்கள் பள்ளிச் சான்றிதழ், பான் அட்டை, வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றில் ஒன்றைக் கொண்டு பிறந்த தேதியைக் காட்டலாம். ஆதாரில் வெறும் பிறந்த ஆண்டு மட்டும் இருக்கிறதா, முழுத் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர்கள் பலருக்கு ஆண்டு மட்டுமே பதிவாகியிருக்கும். எப்படியிருந்தாலும் தேதிச் சான்றாக முழுத் தேதியுள்ள பான் அட்டையையே கொடுங்கள். இரண்டிலும் ஆண்டு ஒன்றாக இருக்க வேண்டும்.

பெயரில் ஆச்சி என்ற சொல் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். என் அத்தையின் வாக்காளர் அட்டையில் வள்ளியம்மை ஆச்சி என்றும், ஆதாரில் வள்ளியம்மை என்றும் இருந்தது. மரியாதைச் சொல்தானே என்று நான் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டேன். மையத்தில் அதைப் பெயரின் பகுதியாகவே எடுத்துக்கொண்டார்கள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பிய அத்தை வேலை முடியாமல் திரும்பி வந்தார். பிழை என்னுடையது. அதன் பிறகு ஆச்சி, செட்டியார் என்ற சொற்கள் எந்தத் தாளில் ஒட்டியிருந்தாலும் அந்தத் தாளை நான் சான்றாகக் கொடுப்பதில்லை. ஒட்டாத வேறு தாளைத் தேடுகிறேன்.

அறுபது வயதைக் கடந்து முதல் முறையாக எடுப்பவர்களுக்குக் கட்டணத்தில் பத்து விழுக்காடு சலுகை உண்டு.

கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. தகப்பனார் பெயரையே Surname ஆக வைத்துக்கொண்டு, கணவர் பெயரை வாழ்க்கைத் துணைக்கான கட்டத்தில் மட்டும் சேர்க்கலாம். நான் கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்; படிப்புச் சான்றிதழ்கள் எல்லாம் தகப்பனார் பெயரோடு இருக்கும்போது பாஸ்போர்ட் மட்டும் தனித்து நிற்காது. கணவர் பெயரைச் சேர்க்கத் திருமணப் பதிவுச் சான்றிதழ் தேவை. அது இல்லாதவர்கள் இருவரும் சேர்ந்த படம் ஒட்டிக் கையொப்பமிடும் உறுதிமொழிப் படிவத்தைக் கொடுக்கலாம்.

நாங்கள் இருப்பது சென்னையில். ஆதார் முகவரி கானாடுகாத்தானில் உள்ள பூர்வீக வீடு. அதையே கொடுக்கலாமா?

தற்போதைய முகவரி என்ற இடத்தில் இன்று நீங்கள் உறங்கி எழும் வீட்டைத்தான் எழுத வேண்டும். பூர்வீக வீட்டை நிரந்தர முகவரியாக எழுதலாம். பூட்டியிருக்கும் வீட்டைத் தற்போதைய முகவரியாகக் கொடுத்தால், விசாரணைக்கு வரும் காவலர் காவல்காரரையும் பூட்டையும் மட்டுமே பார்ப்பார். விண்ணப்பதாரர் இங்கே வசிக்கவில்லை என்று அறிக்கை எழுதுவது அவருடைய கடமை. பிறகு கோப்பு மண்டல அலுவலகத்தில் விளக்கத்துக்காக நிற்கும். ஆதாரில் முகவரியைச் சென்னைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பெயர் மாற்றத்தைப் போல் அதற்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை.

ஊரிலேயே வசிப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். நம் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்கட்டுமாக நீள்கின்றன. மின் ரசீதில் ஒரு தெருப் பெயர், ஆதாரில் மற்றொரு தெருப் பெயர் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பழைய கதவு எண், புதிய கதவு எண் என்ற குழப்பமும் சேரும். ஆதாரில் உள்ளபடி எழுதி, காவலர் எந்த வாசலுக்கு வருவார் என்பதை எண்ணி, அந்தத் தெருவில் உள்ளவர்களுக்கு உங்களைத் தெரியுமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் முன்பதிவு செய்வது எப்படி? எந்த நேரம் நல்லது?

passportindia.gov.in என்ற தளத்திலோ mPassport Seva செயலியிலோ கணக்குத் தொடங்கி, படிவத்தை நிரப்பிச் சமர்ப்பித்த பின், Pay and Schedule Appointment வழியாகக் கட்டணத்தைச் செலுத்தி நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகத்துக்கு 1500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2000 ரூபாய். தட்கல் என்றால் இவற்றுடன் மேலும் 2000 ரூபாய். அரசுத் தளம் போலவே தோன்றும் போலித் தளங்கள் தேடலில் வருகின்றன, முகவரி gov.in என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே பணம் செலுத்துங்கள்.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே அடுத்து கிடைக்கும் தேதி தெரியும். தபால் நிலையங்களில் இயங்கும் சேவை மையங்களும் அதில் இருக்கும். ஏதேனும் ஒன்று உங்கள் ஊருக்கு அருகே இருந்தால் மதுரைத் தேதியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். மதுரை என்றால், காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாக மாட்டுத்தாவணி செல்லவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும் என்பதால், முதல் நேரத்தை எடுக்காமல் பதினொரு மணியை ஒட்டி எடுப்பது முதியவர்களுக்கு ஏற்றது. குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்பு அங்கே இருந்தால் போதும்.

செலுத்திய கட்டணம் ஓராண்டுக்குச் செல்லும். ஆதார் திருத்தம் இன்னும் வரவில்லை என்றால் தேதியை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் எண்ணற்ற முறை மாற்ற முடியாது. சமர்ப்பித்த படிவத்தைத் தளத்தில் திரும்பத் திருத்த இயலாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மையத்துக்குள் என்ன நடக்கும்? என்னென்ன தாள்கள் வேண்டும்?

சான்றாகக் குறிப்பிட்ட ஒவ்வொன்றின் மூலமும் கையொப்பமிட்ட நகலும் வேண்டும். மறுவெளியீடு என்றால் பழைய புத்தகமும், அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் நகலும் சேரும். முன்பதிவுச் செய்தி கைப்பேசியில் இருந்தாலே உள்ளே அனுமதிப்பார்கள்.

உள்ளே A, B, C என்று மூன்று கவுன்டர்கள். A-யில் தாள்களை ஸ்கேன் செய்து, படமும் கைரேகையும் எடுத்து, விவரங்களைத் திரையில் காட்டுவார்கள். நான் முழு மனத்தோடு வற்புறுத்துவது இந்த இடத்தைத்தான். சிறு பிழைகளை அந்தக் கவுன்டரிலேயே திருத்த முடியும். ஆகவே திரையில் உங்கள் பெயர், தாய் தந்தையர் பெயர், பிறந்த ஊர், தேதி ஆகியவற்றை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். மூக்குக் கண்ணாடியை மறக்காமல் கொண்டு செல்லுங்கள். B-யில் அரசு அலுவலர் மூலங்களைச் சரிபார்ப்பார், C-யில் முடிவு செய்வார். வெளியேறும்போது கோப்பு எண் உள்ள ஒப்புகைச் சீட்டைத் தருவார்கள். கோப்பு நிறுத்தப்பட்டிருந்தால், கேட்கப்படும் தாளின் பெயரை அங்கேயே தெளிவாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வேறு எதற்காவது பயன்படுமா?

வேலைக்குச் செல்பவர்களுக்குப் பயன்படும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைக் காட்டினால் புத்தகம் Non-ECR வகையில் வரும். காட்டாவிட்டால், மலேசியா, அமீரகம், சவுதி அரேபியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் முன் குடியேற்ற அனுமதி தனியாகப் பெற வேண்டியிருக்கும். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

புத்தகம் வந்துவிட்டது. இனி என்ன?

தபால்காரர் இருக்கும்போதே உறையைப் பிரித்து, A கவுன்டரில் திரையில் படித்ததைப் போலவே மீண்டும் ஒரு முறை படியுங்கள். விமானச் சீட்டை ஏற்கெனவே எடுத்திருந்தால், அதில் உள்ள பெயரையும் பக்கத்தில் வைத்து Given Name, Surname வரிசையை ஒப்பிடுங்கள். அச்சுப் பிழை இருந்தால் அன்றே மண்டல அலுவலகத்துக்குத் தெரிவித்து விடுங்கள். அந்தப் புத்தகத்தில் முதல் விசா ஒட்டப்பட்ட பிறகு திருத்துவது இரட்டிப்பு வேலை.